தாமதம் என்று எழுதுங்கள்

கண்ணாடிக் கடைக்காரரின் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தபோது அவள் ஏணியின் மேல் இருந்தாள். கீழே வெல்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டறையின் உள்சுவரில் தங்கள் புதிய பெயர்ப் பலகையின் எழுத்துகளுக்கு விளக்கு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு எழுத்து மட்டும் எரியாமல் அடம்பிடித்தது.

"மேடம், உங்க பில்லைத் திருப்பி அனுப்புறோம். உங்க வரிப் பதிவு நிறுத்தி வச்சிருக்காங்கன்னு காட்டுது. பதிவு நிறுத்தின கம்பெனி வரி போட்டு பில் கொடுக்கக்கூடாதே. நாங்க அதை எடுத்தா எங்களுக்கும் சேர்த்து மாட்டிக்கும்."

"யார் நிறுத்தினா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். வெல்டர் அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டார்.

ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப் பலகை அவர்கள் பட்டறையில் செய்ததுதான். அதனாலேயே அவளுக்குப் போர்டக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. தொழிலைத் தொடங்கியவர்கள் அவள் கணவனும் கொழுந்தனும். 'சகோதரர் விளம்பரப் பலகைகள்' என்று பெயர். கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் தன் பங்கை அவள் பெயருக்கு மாற்றிவிட்டுப் போனான். அப்போதிலிருந்து அவளும் கொழுந்தனும்தான் பங்குதாரர்கள். கொழுந்தன் வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொண்டான். அவள் பட்டறையைப் பார்த்துக்கொண்டாள். வெல்டர் சம்பளத்துக்கு இருந்தார், ஆனால் பாதிப் பட்டறை அவர் தலையில்தான் ஓடியது.

போன வருஷக் கடைசியில் கொழுந்தன் தனியாகக் கடை போடுகிறேன் என்று பிரிந்தான். பங்கை வாங்கிக்கொண்டு விலகல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். பட்டறை இருந்த கட்டடம் அவனுடையது, காலி செய்யச் சொன்னான். 'சகோதரர்' என்ற பெயரும் இனி உங்களுக்கு வேண்டாம் என்றான். அவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. பழைய தகரக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். வெல்டரைப் பங்குதாரராகச் சேர்த்துப் புதிய பத்திரம் எழுதினாள். குடும்பத்தில் இதற்குத்தான் பெரிய புகைச்சல். "சம்பளம் வாங்கின ஆளைப் பக்கத்துல உட்கார வச்சுட்டாளே" என்று நாத்தனார் போனிலேயே மூக்கைச் சிந்தினாள். புதிய பெயர் 'ஒளியெழுத்து'. பெயர், இடம், பங்குதாரர் மூன்றும் ஒரே மூச்சில் மாறின. வரிப் பதிவில் மட்டும் எதுவும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வரி ஆலோசகரின் அறையில் உட்கார்ந்தபோது அவரும் அதையேதான் சொன்னார். எதற்கெடுத்தாலும் பயப்படும் மனிதர். நோட்டீஸ் என்ற சொல்லைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

"வருமான வரி நம்பர்ல பேரை முதல்ல மாத்தினோம். அது மாறினாதான் வரிப் பதிவுல புதுப் பேரை ஏத்துக்கும். அது முடிஞ்சது. அப்புறம் இங்க திருத்த விண்ணப்பம் போட உட்கார்ந்தா, உறுதிப்படுத்துற ஓடிபி நம்பர், அந்தக் கோடு, உங்க கொழுந்தன் போனுக்குப் போகுது. பதிவுல இருக்கிறது அவர் நம்பர், அவர் மெயில். கேட்டப்பல்லாம் நாளைக்கு, நாளைக்குன்னாரு. மாத்தினதைக் கெடுவுக்குள்ள சொல்லணும். கெடு எப்பவோ தாண்டியாச்சு."

"நிறுத்தினது எதுக்கு? கெடு தாண்டினதுக்கா?"

"இல்ல." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பதிவு பண்ணின இடத்துல ஆபீஸ்ல இருந்து போய்ப் பார்த்திருக்காங்க. அங்க நீங்க இல்ல. தொழில் நடக்கலைன்னு அறிக்கை போயிருக்கு. பதிவை ஏன் ரத்து பண்ணக்கூடாதுன்னு கேட்டு நோட்டீஸ் விட்டிருக்காங்க. அது முடியுற வரைக்கும் நிறுத்தி வைப்பு. நோட்டீஸ் பழைய மெயிலுக்குப் போயிருக்கு."

"அவன்கிட்ட."

"அவர்கிட்டதான். பதில் சொல்ல வேண்டிய நாள்ல பாதி போயிடுச்சு. நீங்க பதிலே சொல்லலைன்னா ரத்து பண்ணிடுவாங்க."

ஆலோசகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கு. பழைய பதிவைப் போனாப் போகட்டும்னு விட்டுட்டு, ஒளியெழுத்துன்னு புதுசா ஒண்ணு எடுத்துடலாம்."

"கம்பெனி அதேதானே? வருமான வரி நம்பரும் அதேதானே?"

"அதேதான். ஆனா..."

"அப்ப எதுக்குச் செத்துப் பொழைக்கணும்? வீடு மாத்தினவ பேருல சாவுச் சான்றிதழ் வாங்குவாங்களா? அந்த நம்பர்லதான் ஒப்பந்தமெல்லாம் இருக்கு. ரத்து ஆச்சுன்னா நாளைக்குப் புதுசு கேட்கும்போது பழசு ஏன் ரத்தாச்சுன்னு கேட்க மாட்டாங்களா?"

"கேட்பாங்க" என்று ஒப்புக்கொண்டார். "அப்ப இன்னொண்ணு பண்ணலாம். புதுப் பத்திரத்தை இப்பத்திய தேதியில மறுபடி எழுதிடுவோம். போன வாரம்தான் மாறினோம்னு. தாமதமே இல்லாமப் போயிடும்."

"போன வாரம் மாறினோம்னா, அவங்க வந்து பார்த்தப்ப நாங்க எங்க இருந்தோம்?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலையில் கொழுந்தனைப் பார்க்கப் போனாள். பழைய பட்டறை வெள்ளையடிக்கப்பட்டுப் புதுசாக இருந்தது. வாசலில் அவன் மட்டும் தனியாக நடத்தும் கடையின் பலகை. எழுத்துகள் கோணலாக ஒட்டியிருந்தன. அவள் கை தானாக அதை நிமிர்த்தப் போய்த் திரும்பியது.

"வாங்க அண்ணி" என்றான். நாற்காலி போடவில்லை.

"நோட்டீஸ் வந்திருக்கு. உன் மெயிலுக்கு."

"ஏதேதோ வருது. நான் பார்க்கிறதில்ல."

"கோடு வரும்போது மட்டும் பார்க்கிறியா?"

அவன் சிரித்தான். "அண்ணி, சுத்தி வளைக்க வேண்டாம். கண்ணாடிக் கடைக்காரரோட எல்லாக் கிளையும் நான் பேசிப் பிடிச்சது. அந்த வேலையை எனக்கு விட்டுடுங்க. கோடு உடனே வரும். நம்ம குடும்பத்துக்குள்ள முடிச்சுக்கலாம்."

"நீ பங்கு வாங்கிட்டுப் போனப்ப அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்த்தோம்."

"அப்ப நீங்களும் அந்த வெல்டரும் ஆபீஸ் ஆபீஸா அலைங்க. உங்களை யாரு மதிப்பான்னு பார்ப்போம்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவளிடம் வந்து தன் பரீட்சை மதிப்பெண்ணை அண்ணனிடமிருந்து மறைக்கச் சொல்லிக் கெஞ்சிய பையன் இவன்.

"அலையுறேன்" என்றாள்.

வரி அலுவலகம் மூன்றாவது மாடியில். மின்தூக்கி வேலை செய்யவில்லை. நீளமான கூடத்தில் கட்டுக்கட்டாகக் கோப்புகள், சுவரோரம் ஒரு பெஞ்சு. அவள் கையில் பழைய பத்திரம், விலகல் பத்திரம், புதிய பத்திரம், கிடங்கின் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, தன் அடையாள அட்டை. ஆலோசகர் வரவில்லை, அவருக்கு வேறு ஒரு விசாரணை இருப்பதாகச் சொல்லியிருந்தார். வெல்டர் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு உடன் வந்திருந்தார். சட்டைப் பையின் ஓரத்தில் தீப்பொறி பட்ட ஓட்டையை அடிக்கடி கையால் மறைத்துக்கொண்டார்.

அதிகாரி ஒரு பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"எந்தக் கம்பெனி?"

"பதிவுல சகோதரர் விளம்பரப் பலகைகள். இப்ப ஒளியெழுத்து."

"அது ரத்து நோட்டீஸ் போனது. இடத்துல ஆளே இல்லைன்னு அறிக்கை. பதிலை இணையதளத்துல போடுங்க."

"போட முடியாது மேடம். பதிவுல இருக்கிற போனும் மெயிலும் விலகிப் போன பங்குதாரரோடது. கடவுச்சொல்லும் அவர்கிட்ட. நான் பதிவுல இருக்கிற பங்குதாரர். தொடர்பு விவரத்தை என் பேருக்கு மாத்தித் தரணும்னு மனு எழுதிக் கொண்டு வந்திருக்கேன். அடையாள அட்டை, பத்திரம், எல்லாம் இருக்கு."

அதிகாரி இப்போதுதான் நிமிர்ந்தாள். மனுவை வாங்கிப் படித்தாள். பத்திரத்தில் தேதியைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"இது நடந்து எவ்வளவு நாளாச்சு! இடம் மாறினதைக் கெடுவுக்குள்ள சொல்லணும்னு தெரியாதா? பங்குதாரர் விலகினதையும் சொல்லல. சேர்ந்ததையும் சொல்லல. இப்ப வந்து நிக்கிறீங்க."

"தெரியும் மேடம். தாமதம்தான்."

"தாமதம்னு சும்மா சொல்லிட்டாப் போதுமா?"

"போதாது. அதுக்கு என்ன அபராதமோ போடுங்க, கட்டுறேன். தாமதம்னு எழுதுங்க. இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க." அவள் குரல் கூடத்துக்கே கேட்டது, பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பன்னிரண்டு பேர் வேலை செய்யுற பட்டறை அது. ஒரு மாசம்கூட விடாம வரிக் கணக்கு போயிருக்கு. அவர் பிரிஞ்சதுக்கு அப்புறமும் சண்டை போட்டுச் சண்டை போட்டு அவர்கிட்ட கோடு வாங்கிக் கட்டியிருக்கோம். ஆளே இல்லாத கம்பெனி எப்படி மேடம் வரி கட்டும்?"

அதிகாரி கோப்பை வரவழைத்து அறிக்கையைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"எங்க ஆளு உங்களைத் தேடி அங்க போகல. அதே இடத்துல இன்னொருத்தர் புதுப் பதிவு கேட்டிருக்காரு. அதைச் சரிபார்க்கத்தான் போயிருக்கார். ஒரே இடத்துல ஏற்கனவே ஒரு கம்பெனி பதிவுல இருக்கேன்னு கேட்டதுக்கு, இங்க அப்படி ஒண்ணும் இல்லை, எனக்கு அவங்களைத் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார்."

கையெழுத்துக்குக் கீழே இருந்த பெயரை அவள் எட்டிப் பார்த்தாள். "இவர்தான் மேடம் விலகின பங்குதாரர். உங்க பதிவுல இன்னும் இவர் பங்குதாரர்தானே?"

"ஆமா" என்றாள் அதிகாரி மெதுவாக. "எங்களைப் பொறுத்த வரைக்கும் இன்னிக்கும் பங்குதாரர்." கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு அறிக்கையிலும் பத்திரத்திலும் இருந்த இரண்டு கையெழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "தன் கம்பெனியையே தனக்குத் தெரியாதுன்னு சொன்ன ஆளை நான் இப்பதான் பார்க்கிறேன்."

வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டார்.

அன்றே மனு எண் விழுந்தது. தொடர்பு விவரம் அவள் பெயருக்கு மாறித் தற்காலிகக் கடவுச்சொல் அவள் மெயிலுக்கு வந்தது. அன்று இரவு ஆலோசகர் பயந்துகொண்டே தட்டச்சு செய்ய, அவள் சொல்லச் சொல்லப் பதில் ஏறியது. மழுப்பல் எதுவும் இல்லை. இந்தத் தேதியில் இவர் விலகினார், இந்தத் தேதியில் இடம் மாறினோம், தெரிவிக்கத் தாமதமானது எங்கள் தவறு, தொழில் நிற்கவில்லை, வந்து பாருங்கள்.

அவர்கள் வந்தார்கள். முன்பு போன அதே ஆய்வாளர், கையில் கேமராவுடன். கிடங்கின் வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் போர்டு போடுறீங்க. உங்க போர்டு எங்கம்மா? பேரும் பதிவு நம்பரும் வாசல்ல இருக்கணுமே."

அவளுக்குக் காது சூடேறியது. இடம் மாறிய அமளியில் வாடிக்கையாளர்களின் பலகைகளே முந்திக்கொண்டன. உள்சுவரில் சோதனைக்கு மாட்டிய எழுத்துகள் உள்சுவரிலேயே நின்றுவிட்டன. "அரை மணி நேரம் கொடுங்க" என்றாள். எரியாத எழுத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வெல்டர் ஏணியில் ஏறினார். பதிவு எண்ணை அவளே கையால் எழுதினாள். ஆய்வாளர் தேநீர் குடித்துக்கொண்டே அதையும் படமெடுத்தார், இயந்திரங்களைப் படமெடுத்தார், ஆட்களிடம் எத்தனை நாளாக இங்கே வேலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ரத்து விஷயமாக நேரில் கேட்க ஒரு நாள் குறித்தார்கள். பதிவில் உள்ள பங்குதாரர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று கடிதம் போனது. அதனால் கொழுந்தனுக்கும் போனது.

அவன் கூடத்தில் அவளைப் பார்த்ததும் சீறினான். "நான்தான் விலகிட்டேனே! எனக்கு எதுக்கு நோட்டீஸ்?"

"நீ விலகினது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஆபீஸுக்குத் தெரியாது. சொல்லவிடாமப் பண்ணினது நீதானே?"

உள்ளே அதிகாரி அவனிடம் அதிகம் பேசவில்லை. விலகினால் ஒரு மாதத்துக்குள் அலுவலகத்துக்குத் தகவல் வரவேண்டும், வராவிட்டால் தகவல் வந்து சேரும் நாள் வரை நிறுவனத்தின் வரிப் பாக்கிக்கு அவனும் பொறுப்பு என்றாள். அவன் ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைக் காட்டினாள். அந்த முகவரியில் பழைய பதிவு திருத்தப்படும் வரை அவனுடைய புதிய விண்ணப்பம் நகராது என்றாள். அவன் முகம் சுருங்கிவிட்டது. வாக்குமூலத்தைத் திருத்தி எழுதித் தரச் சொன்னதும் பேனாவை அண்ணியிடமே கேட்டு வாங்கினான்.

வெளியே வந்ததும் குரல் மாறியிருந்தது. அவளைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனான்.

"அண்ணி, கோபத்துல ஏதோ பண்ணிட்டேன். ஒரு உதவி பண்ணுங்க. நான் விலகின மாசமே ஆபீஸுக்குத் தகவல் அனுப்பினதா ஒரு கடிதம் தயார் பண்ணிடலாம். பழைய தேதி போட்டு நீங்க ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். அப்பதான் இடையில வர்ற எதுக்கும் என்னை இழுக்க மாட்டாங்க."

"அனுப்பினோமா?"

"இல்ல. ஆனா அனுப்பியிருக்கலாமில்ல?"

"அனுப்பியிருக்கலாம். தினமும் கேட்டேனே." அவள் கைப்பிடிச் சுவரில் கை வைத்துக்கொண்டாள். "நான் இடையில எல்லா மாசமும் வரியை ஒழுங்காக் கட்டியிருக்கேன், உன்னை இழுக்கிற அளவுக்கு அங்க ஒண்ணும் இல்ல. பயப்படாதே. ஆனா பொய்த் தேதி போட மாட்டேன். எனக்கு நல்லதுன்னு ஆலோசகர் சொன்னப்பவே போடல. உனக்காகப் போடுவேனா?"

"நீங்க ரொம்ப மாறிட்டீங்க அண்ணி."

"அதைத்தான் விண்ணப்பத்துல எழுதப் போறேன். பேரு, இடம், பங்குதாரர், மூணுமே."

அவன் படியிறங்கிப் போனான். அன்று ராத்திரி நாத்தனார் போன் செய்து, கூடப் பிறந்தவனை ஆபீஸ் வாசலில் நிற்க வைத்துவிட்டாயே என்று அழுதாள். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்திருந்த கணவன் போனை வாங்கி, "நின்னது அவன் கால்லதானே" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ரத்து நடவடிக்கை கைவிடப்பட்டது. நிறுத்திவைப்பும் நீங்கியது. தாமதத்துக்கு அபராதம் போட்டார்கள். அவள் அன்றே கட்டினாள். பிறகு ஒரே விண்ணப்பத்தில் மூன்று திருத்தங்களும் போயின. கோடு அவள் போனுக்கு வந்தது. ஆறு எண்களையும் சத்தமாகப் படித்தபோது ஆலோசகரே கைதட்டிவிட்டார்.

அத்தோடு முடியவில்லை. சில நாட்களில் இன்னொரு நோட்டீஸ் வந்தது. ஆலோசகர் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினார். அவளோ பட்டறை நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கப் படித்தாள். வாடகை ஒப்பந்தத்தில் கிடங்கு உரிமையாளரின் கையெழுத்துப் பக்கம் தெளிவாக இல்லை, விளக்கம் தேவை, கெடுவுக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

"அவ்வளவுதானே?" என்றாள். கிடங்கு உரிமையாளரைத் தேடிப் பிடித்து, அவர் பேத்திக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே புதுக் கையெழுத்து வாங்கி, மத்தியானத்துக்குள் ஏற்றிவிட்டாள்.

திருத்திய சான்றிதழ் வந்த நாளில் கண்ணாடிக் கடைக்காரருக்குப் புதிய பில் போனது. இந்தமுறை கணக்குப் பிரிவிலிருந்து போன் எதுவும் வரவில்லை. வெல்டர் கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கினார். பங்குதாரர்கள் என்ற இடத்தில் தன் பெயரை இரண்டுமுறை படித்தார்.

"அக்கா, இனிமே நோட்டீஸ் வந்தா எனக்கும் சேர்த்துத்தானே வரும்?"

"ஆமா. உங்களுக்கும் சேர்த்துத்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சான்றிதழை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்ட ஆணி தேடிக்கொண்டே சொன்னார்.

"வரட்டும்."